விரும்பிய டொமைன் பெயர் வேறொருவர் கையில் இருக்கும்போது

டொமைன் பெயர் விற்கும் தளத்தில் ஒரு பெயரைத் தட்டெழுதித் தேடி, அது ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்ற பதில் வந்தவுடன், பெரும்பாலோர் அந்தப் பதிலுக்குக் கீழே வரிசையாகக் காட்டப்படும் மாற்றுப் பெயர்களுக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த வரிசையில் எவையெல்லாம் இன்னும் விற்கப்படாமல் இருக்கின்றன என்பது மட்டுமே தெரியும். விரும்பிய பெயரை வைத்திருப்பவர் யார், அதை வைத்து அவர் என்ன செய்கிறார், அதனால் நமக்கு என்ன நேரும் என்பது அதில் தெரியாது. மாற்றுப் பெயரைத் தீர்மானிக்க வேண்டியது இந்த இரண்டாவது செய்திதான் என்பது, இணையதளங்கள் அமைத்துத் தரும் பணியில் இருக்கும் என்னுடைய உறுதியான கருத்து. நம்மைத் தேடி வருபவர்களில் ஒரு பகுதியினர், நாம் எந்த மாற்றுப் பெயரை வைத்தாலும், முதலில் வேறு சொல் எதுவும் சேராத அந்த வெற்றுப் பெயருடன் `.com` சேர்த்துத்தான் தட்டெழுதுவார்கள். அப்படிப் போனவர்கள் அங்கே எதைக் காண்பார்கள், அவர்கள் அனுப்பும் மின்னஞ்சல் யாரிடம் போய்ச் சேரும் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த பெயரை யோசிக்க முடியும்.

இதை ஒரு நிகழ்வின் வழியாகவே விளக்குகிறேன். கையால் புத்தகம் தைத்து பைண்டிங் செய்வதும் அதைக் கற்றுத்தருவதுமாக ஒரு சிறு தொழிலைத் தொடங்கிய பெண் ஒருவர், பெயரை முடிவு செய்துவிட்டு, இணையதளத்துக்காக என்னிடம் வந்தார். அவருடைய உண்மைப் பெயரையும் தொழிலின் பெயரையும் தவிர்த்துவிட்டு, அந்தத் தொழிலின் பெயர் ‘நூலிழை’ என்றும், ஆங்கில எழுத்தில் அது `noolizhai` என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். `noolizhai.com` ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்தது. எக்ஸ் தளத்திலும் இன்ஸ்டாகிராமிலும் அதே பெயரில் கணக்குகள் இருந்தன.

முதல் வேலை, ‘பதிவாகிவிட்டது’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. டொமைன் பெயர்களின் பொது விதிகளை வகுக்கும் ஐகேன் அமைப்பு `lookup.icann.org` என்ற தேடல் பக்கத்தை வைத்திருக்கிறது. முன்பு இதற்கு ஹூஈஸ் என்ற பழைய நெறிமுறை பயன்பட்டது. 2025 ஜனவரி முதல் `.com`, `.org` போன்ற பொதுப் பின்னொட்டுகளுக்கு ஆர்டிஏபி என்ற புதிய நெறிமுறையே அதிகாரப்பூர்வமானது. உரிமையாளரின் பெயரும் முகவரியும் 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். ஆனால் நமக்கு வேண்டிய நான்கு செய்திகள் மறைக்கப்படுவதில்லை: பெயர் முதலில் பதிவான நாள், காலாவதி நாள், அதன் நிலை, பெயரைத் தேடுபவருக்கு அதன் இணையதளமும் மின்னஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று வழிகாட்டும் பெயர் சர்வர்கள் எவை என்பது. நிலை என்ற இடத்தில் `client transfer prohibited` என்று மட்டும் இருந்தால் அதில் சிறப்பாக எதுவும் இல்லை. பெயர் திருடு போகாமல் இருக்க, பெயர்களை விற்றுப் பதிந்து தரும் பதிவு நிறுவனங்கள் வழக்கமாகப் போட்டுவைக்கும் பூட்டு அது.

நூலிழையின் விஷயத்தில், பெயர் பத்து ஆண்டுகளுக்கும் முன்பே பதிவாகியிருந்தது. பதிவு நிறுவனத்தின் தகவலில் காலாவதி நாள் சில நாள்களுக்கு முன்புதான் கடந்திருந்தது. அந்தப் பெண் மிகவும் மகிழ்ந்துபோய், “அக்கா, தேதி முடிந்துவிட்டதே, இன்னும் சில நாள்களில் நமக்குக் கிடைத்துவிடும் அல்லவா?” என்று கேட்டார். இந்த இடத்தில்தான் பலர் வாரக்கணக்கில் காத்திருந்து ஏமாறுகிறார்கள் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

`.com` பெயர் ஒன்றின் காலாவதி நாள் வந்ததும், அந்தப் பின்னொட்டின் பெயர்களையெல்லாம் பேணும் மையப் பதிவகம் அந்தப் பெயரைத் தானாகவே ஓராண்டுக்குப் புதுப்பித்துவிடுகிறது. அதனால் மையப் பதிவகத்தின் தகவலில் காலாவதி நாள் ஓராண்டு தள்ளிப்போயிருக்கும், நிலை என்ற இடத்தில் `auto renew period` என்று தோன்றலாம். பதிவு நிறுவனம் தன் பங்குக்குக் காட்டும் நாள் மட்டும் பழையதாகவே இருக்கலாம். இந்த நிலை 45 நாள்கள் வரை நீடிக்கும், அதற்குள் உரிமையாளர் பணம் கட்டினால் பெயர் அவரிடமே நீடிக்கும். அவர் கட்டாமல், பதிவு நிறுவனமும் பெயரை நீக்கினால், அது `redemption period` என்ற 30 நாள் கட்டத்துக்குள் போகும். அந்த 30 நாள்களிலும் பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு `pending delete` என்ற கட்டம் 5 நாள்கள். அது முடிந்தால்தான் பெயர் பொதுவெளிக்கு வருகிறது. ஆக, காலாவதி நாளுக்கும் பெயர் உண்மையில் விடுபடும் நாளுக்கும் இடையே ஏறத்தாழ 80 நாள்கள் வரை ஆகலாம்.

நடைமுறையில் நல்ல பெயர்கள் அந்தக் கடைசிக் கட்டம் வரை வருவதே அரிது. காலாவதியான பெயரை நீக்காமல், முதல் கட்டத்திலேயே ஏலத்துக்குக் கொண்டுபோவது பல பதிவு நிறுவனங்களின் வழக்கம். நீக்கப்படும் பெயர்களையும், அவை விடுபடும் நொடியிலேயே தானியங்கி முறையில் பிடித்துக்கொள்ளும் சேவைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் முன்கூட்டியே பதிந்துவைக்கலாம், பெயர் கிடைக்காவிட்டால் பெரும்பாலானவை கட்டணம் வாங்குவதில்லை. நாள்காட்டியில் குறித்துவைத்துவிட்டு அன்று காலையில் கையால் தட்டெழுதிப் பெறலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். நூலிழையின் பெயருக்கும் அப்படி ஒரு முன்பதிவைச் செய்துவைத்தோம். அடுத்த வாரமே பழைய உரிமையாளர் புதுப்பித்துவிட்டார். பதிவு நிறுவனத்தின் காலாவதி நாளும் ஓராண்டு நகர்ந்தது.

இதற்குப் பிறகுதான் முக்கியமான கேள்வி வருகிறது: அந்தப் பெயரில் இப்போது என்ன இருக்கிறது? உலாவியில் திறந்து பார்த்தால் விளம்பர இணைப்புகள் மட்டும் கொண்ட ஒரு பக்கம் வந்தது. இதைப் பார்க்கிங் பக்கம் என்பார்கள். ஆனால் உலாவியில் தெரிவது பாதிச் செய்திதான், மின்னஞ்சல் எங்கே போகிறது என்பது மறுபாதி. அதைக் கணினியின் முனையத்தில் இரண்டு கட்டளைகளால் அறிந்துகொள்ளலாம்.

```
dig +short NS noolizhai.com
dig +short MX noolizhai.com
```

முதல் கட்டளை பெயர் சர்வர்களைக் காட்டும். அந்தச் சர்வர்களின் பெயரிலேயே ‘பார்க்கிங்’ என்றோ பெயர்ச்சந்தை ஒன்றின் பெயரோ இருந்தால், உரிமையாளர் அதை விற்பனைக்கு வைத்திருக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டாவது கட்டளை, அந்தப் பெயருக்கு வரும் மின்னஞ்சலை எந்தச் சர்வர் ஏற்கிறது என்று சொல்லும். அதற்கு `0 .` என்ற பதில் வந்தால், இந்தப் பெயர் எந்த மின்னஞ்சலையும் ஏற்காது என்று உரிமையாளரே அறிவித்திருக்கிறார் என்று பொருள். நம் வாடிக்கையாளர் தவறாக அனுப்பும் மடல் உடனே அவருக்கே திரும்பிவிடும், அவர் பிழையை உணர்ந்து சரியான முகவரிக்கு அனுப்புவார். பதிலே வராவிட்டால், அனுப்பும் சர்வர் அந்தப் பெயரின் இணையதள முகவரிக்கே மடலைக் கொண்டுபோக முயலும். பல நாள்கள் முயன்ற பிறகு திரும்பி வருவதும் உண்டு. மின்னஞ்சல் சர்வர் ஒன்றின் பெயர் பதிலாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும். எந்த முகவரிக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி அந்தச் சர்வர் அமைக்கப்பட்டிருந்தால், நமக்கென்று எழுதப்பட்ட ஆர்டர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் பெட்டியில் ஓசையின்றி விழும். அனுப்பியவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நூலிழையில் நாங்கள் பார்த்த பதில் `0 .` என்பதாகவே இருந்தது.

இந்த ஒரு தகவல் முடிவைப் பெரிதும் மாற்றுகிறது. விரும்பிய பெயரில் அதே துறையில் இயங்கும் தொழில் ஒன்று இருந்தால், பின்னொட்டை மாற்றுவதோ சொல்லைச் சேர்ப்பதோ பயனில்லை. வணிகச் சின்னச் சிக்கல் ஒருபுறமிருக்க, நாம் செய்யும் ஒவ்வொரு விளம்பரமும் அவர்களுக்கு ஆள் அனுப்பும், எனவே அந்தப் பெயரையே கைவிட வேண்டும். சூதாட்டமோ ஆபாசமோ இருந்தாலும் அப்படியே. முற்றிலும் வேறு துறையில் இயங்கும் ஒருவர் இருந்தால், தவறி வருபவர் ‘இது வேறு யாரோ’ என்று உடனே உணர்ந்து திரும்பிவிடுவார், அது பொறுக்கத்தக்கது. வெறும் பார்க்கிங் பக்கமாக, மின்னஞ்சலையும் ஏற்காததாக இருந்தால், ஒரு சொல்லைச் சேர்த்து அதே பெயரைத் தொடரலாம். இருந்தாலும் அந்தப் பக்கம் நாளை விற்கப்பட்டு வேறொன்றாக மாறக்கூடும் என்ற ஆபத்து அதில் உண்டு.

தவறி வருபவர்கள் எவ்வளவு பேர் இருக்கக்கூடும் என்று ஐயப்படுபவர்களுக்கு ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்க இணைய விற்பனை நிறுவனத்தின் வரலாறு போதும். அது 2011இல் தன் பெயரை `O.co` என்று சுருக்கி, தொலைக்காட்சி விளம்பரம் செய்து, ஓக்லண்டில் ஒரு விளையாட்டரங்குக்கே அந்தப் பெயரைச் சூட்டியது. மக்களில் பலர் அதைப் பார்த்துவிட்டு `O.com` என்று தட்டெழுதினார்கள். ஓரெழுத்து `.com` பெயர்கள், முன்பே பதிவான மிகச் சில நீங்கலாக, 1990களிலிருந்தே ஒதுக்கிவைக்கப்பட்டவை என்பதால் `O.com` என்ற முகவரியே இல்லை, அங்கே போனவர்களுக்கு எதுவும் திறக்கவில்லை. நிறுவனம் சில மாதங்களிலேயே பழைய பெயரை முன்னிறுத்தும் நிலைக்குத் திரும்பியது. அவ்வளவு பெரிய விளம்பரச் செலவாலும் மக்களின் விரல் பழக்கத்தை மாற்ற முடியவில்லை.

பெயரை வைத்திருப்பவரிடமிருந்து சட்டத்தின் மூலம் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை சிலருக்கு இருக்கிறது. ஐகேன் 1999இல் கொண்டுவந்த யூடிஆர்பி என்ற தகராறுத் தீர்வு முறையில் வெற்றிபெற மூன்றையும் நிறுவ வேண்டும்: அந்தப் பெயர் நம் வணிகச் சின்னத்தோடு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை எதுவும் இல்லை, அவர் அதைத் தீய நோக்கத்தோடு பதிவும் செய்து பயன்படுத்தியும் வருகிறார். நம் தொழில் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒருவர் பதிந்துவைத்த பெயரில், நம்மை மனத்தில் வைத்துத் தீய நோக்கத்தோடு பதிந்தார் என்று பொதுவாக நிறுவவே முடியாது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் ஒரே நடுவர் விசாரிக்கும் வழக்குக்குக் கட்டணமே 1,500 டாலர். மிகப் பெரிய நிறுவனங்களுக்கும் இது எளிதல்ல என்பதற்கு `nissan.com` சான்று. உசி நிசான் என்பவர் தன் குடும்பப் பெயரில் கணினித் தொழில் நடத்தி அந்தப் பெயரைப் பதிந்திருந்தார். நிசான் கார் நிறுவனம் 1999இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் வழக்காடிய பிறகும் பெயர் அவரிடமே இருந்தது.

ஆகவே எஞ்சுவது விலைக்குக் கேட்பது. கேட்பதாக இருந்தால் நம் தொழில் வெளியே தெரிவதற்கு முன்பு கேட்பது நல்லது, ஏனென்றால் நம்முடைய தேவை எவ்வளவு கண்ணில் படுகிறதோ அவ்வளவு விலை ஏறும். உரிமையாளரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும், பதிவு நிறுவனம் ஒரு படிவமோ இடைமுகவரியோ வழியாகச் செய்தியை அவருக்கு அனுப்ப வழி வைத்திருக்கும். பணத்தை நேரடியாக அனுப்பாமல், பெயர் நம் கணக்குக்கு மாறிய பிறகே தொகையை விடுவிக்கும் எஸ்க்ரோ சேவையின் வழியாகவே கொடுக்க வேண்டும். அதற்கு முன் `web.archive.org` தளத்தில் அந்தப் பெயரின் பழைய பக்கங்களைப் பார்த்து, மோசடித் தளமாக இருந்த காலம் ஏதும் உண்டா என்று அறிவது அவசியம். `noolizhai.com` பெயரை வைத்திருந்தவர் கேட்ட தொகை, புதிதாகத் தொடங்கும் தொழில் தாங்கக்கூடியதாக இல்லை, அந்தப் பேச்சை அத்துடன் விட்டோம்.

அடுத்து அந்தப் பெண் கேட்டது, அதே பெயரை வேறு பின்னொட்டில் வைத்தால் என்ன என்பது. இரண்டு எழுத்துப் பின்னொட்டுகள் ஏறத்தாழ எல்லாமே ஏதோ ஒரு நாட்டுக்கோ ஆட்சிப்பகுதிக்கோ உரியவை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. `.co` கொலம்பியாவுக்கும், `.me` மான்டினிக்ரோவுக்கும், `.ai` அங்குவிலாவுக்கும் உரியவை. அங்கே விதி மாறினால் நம் பெயரின் நிலையும் மாறும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபோது, தகுதிக்கு அந்நாட்டு முகவரியை மட்டுமே நம்பியிருந்தவர்கள் 2021 தொடக்கத்தில் தங்கள் `.eu` பெயர்களைப் பயன்படுத்தும் தகுதியை இழந்தார்கள். 2024 பிப்ரவரியில் `queer.af` என்ற சமூக வலைத்தளத்தின் பெயரை ஆப்கானிஸ்தானின் தகவல்தொடர்பு அமைச்சகம் முடக்கியது. அந்தத் தளம் ஆங்கிலப் பேச்சுவழக்குச் சுருக்கம் ஒன்றை நினைத்து அந்தப் பின்னொட்டைத் தேர்ந்திருந்ததே தவிர, அந்நாட்டோடு அதற்குத் தொடர்பு கிடையாது. நாம் வாழும் நாட்டின் பின்னொட்டு என்றால் இந்தக் கவலை பெரிதும் குறைகிறது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அதே நாட்டினர் என்றால் அதுவே நல்ல தேர்வாகவும் அமையும். அவருடைய வகுப்புகளில் பல நாடுகளிலிருந்தும் ஆள்கள் இணையவழியாகச் சேர்ந்துகொண்டிருந்ததால் அந்த வழி பொருந்தவில்லை.

`.studio` போன்ற நீண்ட புதிய பின்னொட்டுகளில் வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, அவற்றில் பலவற்றுக்கு விலை உச்சவரம்பு இல்லை. ‘பிரீமியம்’ என்று வகைப்படுத்தப்பட்ட பெயருக்கு முதல் ஆண்டு மட்டுமன்றி ஒவ்வோர் ஆண்டும் உயர்ந்த கட்டணமே வரக்கூடும் என்பதால், புதுப்பிப்புக் கட்டணத்தைத் தனியாகப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். மற்றொன்று, வாயால் சொல்லும்போது வரும் குழப்பம். ‘நூலிழை டாட் ஸ்டூடியோ’ என்று சொன்னால் கேட்பவர் `noolizhaistudio.com` என்றோ `noolizhai.studio.com` என்றோ எழுதிவிடுகிறார்.

எனவே எனக்கு எப்போதும் ஏற்புடையதாக இருப்பது, `.com` என்பதை வைத்துக்கொண்டு பெயரோடு ஒரு சொல்லைச் சேர்ப்பதுதான். டிராப்பாக்ஸ் நிறுவனம் தொடக்கத்தில் `getdropbox.com` என்ற பெயரில்தான் இயங்கியது. டெஸ்லா 2016 வரை `teslamotors.com` என்ற பெயரோடு இருந்தது. ஃபேஸ்புக்கும் முதலில் `thefacebook.com`தான், 2005இல் 2,00,000 டாலர் கொடுத்துத்தான் அந்த முன்னொட்டை உதறியது. சேர்த்த சொல் வளர்ச்சிக்குத் தடையாக இருக்கவில்லை என்பதோடு, வெற்றுப் பெயரை வாங்கும் வசதி வந்த பிறகு அதற்கு மாறுவதும் எளிதாக இருந்தது என்பதை இவை காட்டுகின்றன.

எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு வரும்போது, சமூக ஊடகக் கணக்குப் பெயர்களின் விதிகளும் சேர்ந்து அமர்கின்றன. டொமைன் பெயரில் எழுத்து, எண், ஹைபன் ஆகியவை வரலாம், அண்டர்ஸ்கோர் வர முடியாது. எக்ஸ் தளத்தில் அண்டர்ஸ்கோர் வரலாம், ஹைபனும் புள்ளியும் வர முடியாது, மொத்த நீளம் 15 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. இன்ஸ்டாகிராமில் 30 எழுத்துகள் வரை இடமுண்டு. அங்கே புள்ளியும் அண்டர்ஸ்கோரும் வரலாம், ஹைபன் வர முடியாது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் குறியீடுகளில் ஹைபன் மட்டும் வரலாம். இவை அனைத்திலும் செல்லுபடியாகும் பொதுப்பகுதி என்று பார்த்தால், குறியீடு எதுவும் இல்லாத, 15 எழுத்துகளுக்குள் அடங்கும் பெயர்தான் எஞ்சுகிறது. ஹைபன் போட்டு டொமைன் கிடைத்துவிட்டது என்று மகிழ்பவர், கணக்குப் பெயரில் அதே வடிவத்தைப் பெறவே முடியாது என்பதைப் பிறகுதான் காண்கிறார்.

`noolizhai` என்பதில் 9 எழுத்துகள் இருப்பதால், சேர்க்கும் சொல்லுக்கு 6 எழுத்துகள் மட்டுமே மிச்சம். அவருக்கு மிகவும் பிடித்திருந்தது ‘பட்டறை’. ஆனால் `noolizhaipattarai` 17 எழுத்துகள், எக்ஸ் தளத்தில் இடம் பெறாது. `bindery` சேர்த்தால் 16, ஓர் எழுத்தால் தவறியது. `noolizhaistudio` சரியாக 15, ஆனால் அச்சொல் புத்தகத்தைச் சுட்டவில்லை, முன்பு சொன்ன `.studio` குழப்பத்துக்கும் இடம் கொடுத்தது. `noolizhaiink` என்பதில் இரண்டு சொற்களும் ஒட்டும் இடத்தில் `i` இரட்டிக்கிறது, வேகமாகத் தட்டெழுதுபவர் ஒன்றை விட்டுவிடுவார். முதற்சொல் முடியும் எழுத்தில் அடுத்த சொல் தொடங்கக் கூடாது என்பது இதில் கவனிக்க வேண்டிய சிறு விதி. கடைசியில் `noolizhaibooks` என்பதில் வந்து நின்றோம், 14 எழுத்துகள். அதைத் தேர்ந்ததற்கு எழுத்தெண்ணிக்கை மட்டும் காரணமல்ல. அவருக்கு வந்த பழைய மடல்களில் வாடிக்கையாளர்கள் தாமாகவே ‘நூலிழை புக்ஸ்’ என்று எழுதியிருந்தார்கள். மக்கள் ஏற்கெனவே ஒட்டிச் சொல்லும் சொல்லைச் சேர்த்தால், அதை நினைவில் வைக்க அவர்களுக்குத் தனி முயற்சி தேவைப்படுவதில்லை. `get`, `the`, `official` போன்ற சொற்களை யாரும் வாயால் சொல்வதில்லை என்பதால், அவற்றை நான் இரண்டாம் நிலையிலேயே வைப்பேன்.

பதிவு செய்வதற்கு முன், பெயரைத் தொலைபேசியில் ஒருமுறை மட்டும் சொல்லி, எழுத்துக்கூட்டிச் சொல்லாமல், எதிர்முனையில் இருப்பவரைத் தட்டெழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். தொழிலைப் பற்றி முன்பே தெரியாதவர்களிடம் இதைச் செய்தால்தான் பயன். நூலிழைக்கு வந்த பிழை வடிவங்கள் ‘நூ’, ‘ழை’ என்ற இரண்டு ஒலிகளைச் சுற்றியே இருந்தன: `nulizhai`, `noolilai`, `noolizai`. இவற்றில் மிகுதியாக வந்தது `nulizhai` என்பதால், `nulizhaibooks.com` என்ற பெயரையும் சேர்த்து வாங்கி, அங்கே வருபவர்களைச் சரியான முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டோம். மற்றப் பிழைகளையும் வாங்கத் தொடங்கினால் ஆண்டுதோறும் கட்டணம் கூடிக்கொண்டே போகும், வடிவங்களுக்கும் முடிவிருக்காது. ஒன்று போதும் என்பது என் எண்ணம். எதிர்முனையினர் ஒருவர்கூடச் சரியாக எழுதவில்லை என்றால், சேர்க்கும் சொல்லை மாற்றிப் பயனில்லை, மூலப் பெயரையே மாற்ற வேண்டும்.

வெற்றுப் பெயரில் இருந்த கணக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ் தளத்தில் இருந்தது பல ஆண்டுகளாக எதுவும் எழுதாத கணக்கு. பயன்படுத்தாத கணக்குதானே, கேட்டால் தந்துவிடுவார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் செயலற்ற கணக்கு என்ற காரணத்தை மட்டும் வைத்துக் கேட்பவருக்குப் பெயரை எடுத்துத் தருவதைத் தளங்கள் வழக்கமாகச் செய்வதில்லை. பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னம் இருந்து, அந்தக் கணக்கு மக்களைக் குழப்பும்படி நடந்துகொண்டால் மட்டுமே புகாருக்கு வலு உண்டு. பெயரை வைத்திருப்பவரிடம் பணம் கொடுத்து வாங்குவதும் பல தளங்களின் விதிகளுக்கு எதிரானது. வாங்கிய பிறகு கணக்கே முடக்கப்படலாம், அல்லது விற்றவர் பழைய மின்னஞ்சலைக் காட்டி அதை மீட்டுக்கொள்ளலாம். இதில் எஸ்க்ரோ பாதுகாப்பும் பெரும்பாலும் கிடையாது. வெற்றுப் பெயரின் முடிவில் அண்டர்ஸ்கோர் போட்டு ஒரு கணக்கைத் தொடங்குவது இதைவிட மோசமான வழி. இணைப்பாகக் காட்டப்படும்போது அடிக்கோட்டுக்குள் அந்தக் குறி மறைந்துபோகும், மக்கள் குறியில்லாத கணக்கைத்தான் குறிப்பிட்டு எழுதுவார்கள். நாளை அந்த உறங்கும் கணக்கை யாராவது கைப்பற்றினால், நம் பெயரில் பணம் கேட்டு ஏமாற்றுவதற்கு அதைவிட வசதியான இடம் அவர்களுக்குக் கிடைக்காது. `noolizhaibooks` என்ற வடிவம் எல்லாத் தளங்களிலும் ஒன்றாக இருந்ததால், எது உண்மையான கணக்கு என்ற கேள்விக்கு இணையதளத்தின் பெயரே விடையாக இருந்தது.

முடிவு செய்த பிறகு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பதிந்துவிட வேண்டும். முதலில் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் இலவச வணிகச் சின்னத் தரவுத்தளத்தில் அந்தப் பெயரை ஒருமுறை தேட வேண்டும். டொமைன் காலியாக இருப்பதால் மட்டும் ஒரு பெயர் சட்டப்படி நமக்கு உரியதாகிவிடாது. அடுத்து டொமைன், அதன்பின் இப்போதைக்குப் பயன்படுத்தாத தளங்களிலும் சேர்த்துக் கணக்குகள் என்ற வரிசையில் போகலாம். ப்ளூஸ்கை தளத்தில் டொமைனையே கணக்குப் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்பதால் அங்கே பெயர் கிடைக்குமா என்ற கவலையே இல்லை. டொமைன் எதைச் சுட்டுகிறது என்பதைக் குறித்துவைக்கும் டிஎன்எஸ் பதிவுகளில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அந்த வரியில் வரும் அடையாள எண்ணைத் தளத்தின் அமைப்புப் பக்கமே காட்டும்.

```
_atproto.noolizhaibooks.com  TXT  "did=did:plc:..."
```

வெற்றுப் பெயரின் மீதான கண்காணிப்பை அவர் இன்னும் கைவிடவில்லை. முன்பதிவு அப்படியே இருக்கிறது. காலாவதி நாள் நெருங்கும் மாதங்களில் நிலை மாறுகிறதா என்று நானும் பார்த்துவருகிறேன். அதோடு மின்னஞ்சல் கட்டளையையும் அவ்வப்போது இயக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். `0 .` என்ற பதில் என்றைக்கு ஒரு சர்வரின் பெயராக மாறுகிறதோ, அன்றே வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மடல்களில் எல்லாம் சரியான முகவரியை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தப் பெயர் என்றாவது நியாயமான விலைக்குக் கிடைத்து, அவர் அதற்கு மாறினாலும், `noolizhaibooks.com` பெயரைப் புதுப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. பழைய பெயர் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனால், அந்தப் பெயரில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளை அவர் மறுபடி உருவாக்கிக்கொள்ள முடியும். அந்த முகவரியை வைத்துத் திறந்த ஒவ்வொரு கணக்கின் கடவுச்சொல் மீட்பு மடலும் அவருக்கே போகும். சமூக ஊடகக் கணக்குகள், கட்டணச் சேவைகள், பதிவு நிறுவனத்தின் கணக்கு என எல்லாவற்றிலும் முகவரியை மாற்றி முடித்த பின்னரும், பழைய பெயரைப் புதிய பெயருக்குத் திருப்பிவிட்டு, ஆண்டுக் கட்டணத்தைத் தொடர்ந்து கட்டிவர வேண்டும். பொதுப் பின்னொட்டுகளில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே பதிந்துவைக்க முடியும் என்பதால், பெயர் மாறும் நாளிலேயே பழைய பெயருக்கு அந்த முழுக் காலத்தையும் கட்டிவிடுவதாக அவர் முடிவு செய்திருக்கிறார்.